மூன்று நட்சத்திரம் என்றால் யார்?

திருவிழா பந்தோபஸ்தில் இரண்டு காவல்துறை அதிகாரிகள் அருகருகே நிற்கிறார்கள். இருவர் தோளிலும் மூன்று நட்சத்திரங்கள். ஆனால் ஒருவர் இன்ஸ்பெக்டர். மற்றவர் அவருக்கு மேலதிகாரியான டி.எஸ்.பி. நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

பார்க்க வேண்டியது தோள்பட்டையின் ஓரம். கை தொடங்கும் இடத்தையொட்டி சிவப்பும் நீலமும் கலந்த ஒரு சிறு ரிப்பன் குறுக்கே ஓடினால், அவர் இன்ஸ்பெக்டர். அதே ரிப்பனோடு இரண்டு நட்சத்திரங்கள் இருந்தால் சப்-இன்ஸ்பெக்டர். டி.எஸ்.பி.யில் தொடங்கி மேலே எவருக்கும் அந்த ரிப்பன் கிடையாது.

பயிற்சியில் இருக்கும் இளம் ஐ.பி.எஸ். அதிகாரியிடம்தான் பலரும் குழம்பிவிடுவார்கள். அவர் ஒரு நட்சத்திரத்தில் தொடங்கி, பணிக்காலம் கூடக்கூட இரண்டு, மூன்று என்று வளர்கிறார். இரண்டு நட்சத்திரங்களைப் பார்த்ததும் 'எஸ்.ஐ.' என்று நினைத்துவிடலாம். ஆனால் ரிப்பன் இருக்காது. தோளின் ஓரத்தில் ஐ.பி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கும். ஆகவே முதலில் ஓரம், பிறகு எண்ணிக்கை.

ராணுவத்திலும் இதே முறைதான். தோளில் ரிப்பனோடு இரண்டு நட்சத்திரங்கள் அணிந்தவர் சுபேதார். ரிப்பன் இல்லாத இரண்டு நட்சத்திரங்கள் லெப்டினன்ட்டுக்கு உரியவை.

தோளில் எதுவும் இல்லாதவர்களுக்குக் கையைப் பார்க்க வேண்டும். தமிழகக் காவல்துறையில் ஏட்டு சட்டையின் மேற்கையில் மூன்று பட்டைகள் அணிகிறார். முதல்நிலைக் காவலருக்கு இரண்டு. இரண்டாம்நிலைக் காவலருக்குப் பட்டையே இல்லை.

மூன்று நட்சத்திரங்களுக்கு மேல் போனால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நட்சத்திரங்கள் மறைந்து, அசோகர் தூணின் சிங்கமுகச் சின்னம் மட்டும் வருகிறது, அது ஏ.டி.எஸ்.பி. அந்தச் சின்னத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் எஸ்.பி., மூன்று சேர்ந்தால் டி.ஐ.ஜி. தோளில் ஒரே ஒரு நட்சத்திரம் தெரிகிறதே என்று எஸ்.பி.யை இளையவராக எண்ணிவிடக் கூடாது. உடன் இருக்கும் சிங்கம்தான் அந்த நட்சத்திரத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

அடுத்த கட்டத்தில் குறுக்காக வைத்த வாளும் தடியும் வருகின்றன. அவற்றோடு நட்சத்திரம் இருந்தால் ஐ.ஜி.; சிங்கமுகம் இருந்தால் ஏ.டி.ஜி.பி. அல்லது டி.ஜி.பி. இந்த இருவருக்கும் சின்னம் ஒன்றே என்பதால், தோளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது.

பதவியையும் தோளில் தேடக் கூடாது. 'கமிஷனர்' என்பது வகிக்கும் பொறுப்பின் பெயர். ஒரு நகரத்தில் அந்த நாற்காலியில் ஐ.ஜி. அமரலாம், வேறொரு நகரத்தில் ஏ.டி.ஜி.பி. அமரலாம். தோள் சொல்வது அவரவர் தகுதிநிலையை மட்டுமே. எந்த ஊரை, எந்தப் பிரிவைக் கவனிக்கிறார் என்பதை அவரது பணி உத்தரவுதான் சொல்லும்.