விலை ஏறியது, சராசரி இறங்கியது

ஒரு விசைப்படகின் நோட்டில் செவ்வாய்க்கிழமை பெரிய இறால் கிலோ 600 ரூபாய், சிறிய இறால் 300 ரூபாய். வியாழக்கிழமை பெரியது 650, சிறியது 310. இரண்டு ரகமும் ஏறியிருக்கின்றன. ஆனால் அந்த இரண்டு நாட்களின் சராசரி விலையைக் கணக்கிட்டால் செவ்வாய் 375 ரூபாய், வியாழன் 344 ரூபாய். எல்லா விலையும் ஏறியபோது சராசரி மட்டும் எப்படி இறங்கியது?

கணக்கில் பிழை எதுவும் இல்லை. படகு பிடித்து வந்த மீனை இனம், எடை, கரை சேர்ந்த நாள் எனப் பிரித்துச் சுருக்கி, பக்கத்தில் சராசரி விற்பனை விலையை எழுதும்போது இப்படி நடப்பது வழக்கம்தான். அந்தச் சராசரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்தால்தான் நோட்டு எழுதிய உழைப்புக்குப் பயன் உண்டு.

பாக் நீரிணைக் கரையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் கடலில் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. இராமேசுவரம் பக்கம் காலையில் கிளம்பும் விசைப்படகு, இரவெல்லாம் மடி இழுத்து மறுநாள் காலையில் கரைக்கு வரும். எனவே ஒரு படகுக்கு வாரத்தில் மூன்று முறை மீன் இறங்கும். நோட்டில் எழுத வேண்டிய தேதி மீன் பிடித்த நாளல்ல, கரை சேர்ந்த நாள். ஏன் என்றால் விலையை முடிவு செய்வது அன்றைய ஏலம். ஒரு வாரம் பத்து நாள் கடலில் தங்கும் படகுகளுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். முதல் நாள் பிடித்து ஐசில் வைத்த மீனும் கடைசி நாள் பிடித்த மீனும் ஒரே காலையில்தான் ஏலத்துக்கு வரும்.

நம் எடுத்துக்காட்டுப் படகின் இறால் கணக்கு ஒரு வாரத்துக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

| கரை சேர்ந்த நாள் | ரகம் | எடை (கிலோ) | கிலோ விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|---|
| செவ்வாய் | பெரியது | 20 | 600 | 12,000 |
| செவ்வாய் | சிறியது | 60 | 300 | 18,000 |
| வியாழன் | பெரியது | 10 | 650 | 6,500 |
| வியாழன் | சிறியது | 90 | 310 | 27,900 |
| ஞாயிறு | பெரியது | 30 | 620 | 18,600 |
| ஞாயிறு | சிறியது | 20 | 290 | 5,800 |

செவ்வாய் 80 கிலோவுக்கு 30,000 ரூபாய். வியாழன் 100 கிலோவுக்கு 34,400 ரூபாய். அன்று மடியில் விழுந்ததில் பத்தில் ஒன்பது பங்கு சிறிய இறால். அதுதான் சராசரியைக் கீழே இழுத்தது. ஞாயிறன்று நேர்மாறாக நடந்தது. வியாழனைவிட இரண்டு ரகமும் விலை இறங்கின, ஆனால் பெரிய இறால் பாதிக்கு மேல் இருந்ததால் சராசரி 488 ரூபாய்க்கு ஏறியது. சராசரியை மட்டும் பார்த்து, ஞாயிறு சந்தை நன்றாக இருந்தது என்று எவராவது சொன்னால் அது தவறு. நன்றாக இருந்தது சந்தையல்ல, பிடிபட்ட இறாலின் அளவு.

எனவே இறால் என்று ஒரே வரியில் எழுதுவது போதாது. வியாபாரிகள் இறாலைக் கவுண்ட் கணக்கில் பேசுவார்கள். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். எண் குறையக் குறைய இறால் பெரியது, விலையும் கூடும். நோட்டில் ரகத்துக்கு ஒரு தனிப் பத்தி இருந்தால்தான், மாறியது விலையா, மீனின் அளவா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அடுத்த சிக்கல் சராசரி எடுக்கும் முறையில் இருக்கிறது. மேலே உள்ள ஆறு விலைகளையும் கூட்டி ஆறால் வகுத்தால் 461 ரூபாய் 67 காசு வரும். மூன்று நாள் சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் சுமார் 402 ரூபாய். வாரத்தின் மொத்தத் தொகை 88,800 ரூபாயை மொத்த எடை 230 கிலோவால் வகுத்தால் சுமார் 386 ரூபாய். மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் கைக்கு வந்த விலை. இதைச் சரிபார்ப்பது எளிது. சராசரியை மொத்த எடையால் பெருக்கினால் கல்லாவில் உள்ள பணம் வர வேண்டும். 461.67 ஐ 230 ஆல் பெருக்கினால் 1,06,184 ரூபாய் வருகிறது. 17,000 ரூபாய்க்கு மேல் இல்லாத பணம். பங்கு பிரிக்கும் நேரத்தில் இந்த எண்ணை யாராவது வாசித்தால் படகு உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே சண்டை மூளும்.

கணினித் தாளில் கணக்கு வைப்பவர்கள் விழும் குழியும் இதுதான். விலைப் பத்தியைத் தேர்ந்து `AVERAGE` என்று கொடுத்தால், பத்து கிலோ விற்ற விலைக்கும் தொண்ணூறு கிலோ விற்ற விலைக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துவிடும். இனம் `B` பத்தியிலும், எடை `D` பத்தியிலும், தொகை `F` பத்தியிலும் இருந்தால் சரியான சூத்திரம் இது:

```
=SUMIFS(F:F,B:B,"இறால்")/SUMIFS(D:D,B:B,"இறால்")
```

இறாலில் பிழை ரகத்தால் வந்தது. காரல் போல ரகம் பிரிக்காமல் விற்கும் மலிவான மீனில் அது நாளால் வரும். அதே படகு செவ்வாயன்று 200 கிலோ காரலைக் கிலோ 40 ரூபாய்க்கும், வியாழனன்று 500 கிலோவை 24 ரூபாய்க்கும், ஞாயிறன்று 100 கிலோவை 45 ரூபாய்க்கும் விற்றது என்று கொள்வோம். மூன்று விலைகளின் சாதாரணச் சராசரி 36 ரூபாய் சொச்சம். உண்மையில் 800 கிலோவுக்குக் கிடைத்தது 24,500 ரூபாய், அதாவது கிலோவுக்குச் சுமார் 31 ரூபாய்தான். தனக்கு அள்ளிக் கிடைத்த நாளில் பக்கத்துப் படகுகளுக்கும் அள்ளிக் கிடைத்திருக்கும். மீன் குவியும் நாளில் விலை சரியும். எனவே சாதாரணச் சராசரி இங்கே எப்போதும் கூடுதலாகவே காட்டும். நாள்வாரியாகச் சுருக்குவதன் பயன் இன்னொன்றும் உண்டு. வியாழனன்று செவ்வாயைப் போல இரண்டரை மடங்கு காரல் வந்தது, பணம் வந்ததோ ஒன்றரை மடங்கு. இவ்வளவு மீனை அள்ளிப்போடச் செலவான ஐசும் கூலியும் அதற்கு ஈடாகிறதா என்று அந்த ஒரு வரி கேட்க வைக்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்ததும் எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கடலுக்குப் போய் ஒன்றாகக் கரைக்கு வரும். அந்த முதல் சில நாட்களின் பெரிய எடையையும் விலையையும் மற்ற மாதங்களோடு ஒரே சராசரியில் கலந்தால், ஆண்டின் எந்த நாளுக்கும் பொருந்தாத ஒரு எண்தான் மிஞ்சும்.

இத்தனையிலும் எடை சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வந்தோம். ஆனால் காரல் போன்ற மீன் பல இடங்களில் தராசில் ஏறுவதே இல்லை. கூடைக் கணக்கில்தான் ஏலம் போகும். 20 கூடையை 25 கிலோ வீதம் 500 என்று எழுதுகிறோம். தண்ணீரும் ஐசும் வடிந்தபின் ஒரு கூடையில் உண்மையில் 22 கிலோதான் இருந்தால், எடை 440 கிலோ ஆகிவிடும். ஏலத்தொகை 12,000 ரூபாய் மாறாது. ஆனால் கிலோ விலை 24 லிருந்து 27 க்கு மேல் போய்விடும். எடையை மிகைப்படுத்தினால் விலை குறைந்து தெரியும். அதைப் பார்த்து, வியாபாரி ஏமாற்றுகிறான் என்று சந்தேகப்படுவோம். வாரத்துக்கு ஒரு முறையாவது நாலைந்து கூடைகளைத் தராசில் வைத்துப் பார்த்து அந்த எடையையே பயன்படுத்துவது நல்லது.

பிடித்த எடையும் விற்ற எடையும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளிகள் வீட்டுக்குக் குழம்புக்கு எடுத்துப் போகும் மீன் பிடித்த கணக்கில் வரும், விற்ற கணக்கில் வராது. அதையும் வகுக்கும் எடையில் சேர்த்தால் விலை போலியாகக் குறையும். மீன்மாவு ஆலைக்குப் போகும் சங்காயத்தை மற்ற மீன்களோடு சேர்த்து மொத்தச் சராசரி எடுப்பதும் இதே பிழைதான். அதற்குத் தனி வரி வேண்டும்.

இரண்டு ஊர் நோட்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவர் இனப்பெயரிலும் கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீனை தெற்கே சீலா என்பார்கள். சென்னைக்காரர் சீலா என்பதோ ஊளியை. விலை உயர்ந்த மீனும் மலிவான மீனும் ஒரே வரியில் கலந்துவிடும்.

இந்தியக் கடல் மீன் பிடிப்பை மதிப்பிடும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. குறிப்பிட்ட இறங்குதளத்தில், குறிப்பிட்ட நாளில் வந்து சேரும் படகுகளில் சிலவற்றைப் பார்த்து, அதைக்கொண்டு மொத்தத்தைக் கணிக்கிறது. வந்த படகுகள் 15 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் தேர்ந்தெடுத்த படகுகள் மட்டும்தான். ஒரு நாட்டுக்கு அது போதும். ஆனால் உங்கள் படகுக்கு வியாழனன்று கிடைத்த சிறிய இறாலின் விலை எந்த அரசு அட்டவணையிலும் இருக்காது. உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

அந்த விலையைக்கொண்டு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பல உரிமையாளர்கள் வலை வாங்கவும் இன்ஜின் பழுது பார்க்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதற்கு வட்டி கிடையாது என்பார்கள். பதிலுக்கு மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். நம் படகுக்கு அந்த வாரம் சிறிய இறால் 170 கிலோவுக்கு 51,700 ரூபாய் கிடைத்தது, கிலோவுக்குச் சுமார் 304. அதே நாட்களில், அதே ரகத்துக்கு, ஏலத்தில் விற்ற பக்கத்துப் படகுக்கு 330 கிடைத்திருந்தால், வித்தியாசம் கிலோவுக்குச் சுமார் 26 ரூபாய். 170 கிலோவுக்கு 4,400 ரூபாய். ஏலத்தில் விற்றவர் கொடுத்த தரகையும் இதிலிருந்து கழித்தாக வேண்டும். மீதி எவ்வளவோ, அது அந்த ஒரு வாரத்துக்கு, ஒரே ஒரு ரகத்தில் முன்பணத்துக்குக் கட்டிய வட்டி. ரகம், நாள், எடை என்று பிரித்து வைக்காத நோட்டில் இந்த வட்டி, சந்தை மந்தம் என்ற பெயரில் மறைந்து கிடக்கும்.