முன்னும் பின்னும் ஒரு பாட்

யூனிஸ்வாப்பில் ஈதர் வாங்க நீங்கள் கொடுக்கும் ஆணை உடனே நிறைவேறுவதில்லை. சில நொடிகள் 'மெம்பூல்' என்ற பொதுக் காத்திருப்புப் பட்டியலில் கிடக்கிறது. அதை யாரும் படிக்கலாம். படிப்பதற்கென்றே அங்கே 'பாட்' நிரல்கள் காத்திருக்கின்றன.

ஒரு குளத்தில் 100 ஈதரும் 2,00,000 டாலரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவ்விரண்டின் பெருக்குத்தொகை மாறாது என்பதே விலைச் சூத்திரம். கட்டணத்தை விட்டுவிட்டால், உங்கள் 10,000 டாலருக்கு 4.76 ஈதர் வரவேண்டும். ஆனால் பாட், கூடுதல் கட்டணம் கொடுத்து உங்களுக்கு முன்னால் புகுந்து, 10,000 டாலருக்கு வாங்கிவிடுகிறது. விலை ஏறுகிறது, உங்களுக்குக் கிடைப்பது 4.33 மட்டுமே. அது இன்னும் ஏற்றிவிட்ட விலையில், பாட் தன் ஈதரை உடனே விற்று சுமார் 10,950 டாலர் எடுத்துக்கொள்கிறது. முன்னால் புகுவது 'ஃப்ரண்ட் ரன்னிங்'. இருபுறமும் நெருக்குவது 'சாண்ட்விச்'.

இதற்கு இடம் கொடுத்தது, 10 சதவீதம் என்று தாராளமாக வைத்த உங்கள் 'ஸ்லிப்பேஜ்' வரம்புதான். 1 சதவீதம் வைத்திருந்தால் அந்த வர்த்தகம் ரத்தாகியிருக்கும். கட்டணம் மட்டுமே வீண்.

சந்தேகமிருந்தால் ஈதர்ஸ்கேனில் அதே பிளாக்கைப் பாருங்கள்: உங்கள் பரிவர்த்தனைக்கு முன்னும் பின்னும் ஒரே பாட் தெரியும். பெரிய தொகையென்றால், மெம்பூலைத் தவிர்க்கும் ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட் போன்ற தனிவழியில் அனுப்புங்கள்.