20 வயதுகளிலேயே இளநரை: பெங்களூரு தண்ணீர் காரணமா, குடும்ப மரபு காரணமா?

பெங்களூரு: படிப்புக்காகவோ வேலைக்காகவோ பெங்களூருவில் குடியேறும் இளைஞர்கள், தலையில் முதல் வெள்ளை முடியைக் கண்டதும் பெரும்பாலும் குறை கூறுவது ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான். உப்பு மிகுந்த நீர் முடியைச் சொரசொரப்பாக்கும் என்பது உண்மை. ஆனால், அந்த நீர் படுவது தோலுக்கு வெளியே வளர்ந்துவிட்ட முடியின் மீது மட்டுமே. முடிக்கு நிறம் சேர்வது தோலுக்கு அடியில், சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள மயிர்க்காலில் ஆகும்.

ஆசியர்களிடம் 25 வயதுக்கு முன்பே நரை தோன்றினால் அதனை இளநரை என மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

நிறம் எப்படி நிற்கிறது?

ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கிறது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும், மயிர்க்காலின் மேற்பகுதியில் இருப்பாக உள்ள ஸ்டெம் செல்களில் இருந்து புதிய நிறமிச் செல்கள் உருவாகி வேர்ப்பகுதிக்கு இறங்குகின்றன. அவை தயாரிக்கும் மெலனின் என்ற நிறமியே முடிக்குக் கருமை தருகிறது. இருப்பு தீர்ந்துவிட்டால் முடி தொடர்ந்து முளைக்கும். நிறம் மட்டும் வராது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் இதனை விளக்கினர். எலிகளிலும் மனிதத் தலைத்தோலிலும், வயது ஏற ஏற இந்த ஸ்டெம் செல் இருப்பு குறைந்துகொண்டே வருவதை அவர்கள் கண்டனர். இளநரையில் இதே குறைவு முன்கூட்டியே நிகழ்வதாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனியே இயங்குவதால், ஒரு நரைமுடியைப் பிடுங்கினால் அருகில் உள்ள முடிகளும் நரைக்கும் என்பதற்கு அடிப்படை இல்லை.

முடியே காட்டும் காலக்கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு: பெங்களூருவுக்கு வந்து 6 மாதங்களே ஆன 24 வயதுப் பெண் ஒருவர், உதிர்ந்த நரைமுடி ஒன்றைப் பார்க்கிறார். அது 20 செ.மீ. நீளம் உள்ளது, வேர் முதல் நுனி வரை வெள்ளையாக இருக்கிறது. தலைமுடி மாதத்திற்குச் சுமார் 1 செ.மீ. வளரும். எனவே அந்த முடி நிறமின்றி வளரத் தொடங்கி ஏறத்தாழ 20 மாதங்களாவது ஆகியிருக்கும். அதாவது, அவர் ஊர் மாறுவதற்கு ஓராண்டுக்கும் முன்பே நரை தொடங்கிவிட்டது.

குடும்ப மரபின் பங்கு

அவ்வாறெனில், அவர் முதலில் கேட்க வேண்டியது தாய், தந்தைக்கு எந்த வயதில் நரை தொடங்கியது என்பதைத்தான். இளநரை உள்ளவர்களின் குடும்பங்களில் அது மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டோரிடம் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு, ஐஆர்எஃப்4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பு இருப்பதை 2016-இல் வெளிப்படுத்தியது. எனினும், அந்த மரபணு மாறுபாடு ஐரோப்பிய வம்சாவளியினரிடமே அதிகம் காணப்படுவது. இந்தியக் குடும்பங்களில் தொடரும் இளநரையை அதைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

சரிசெய்யக்கூடிய காரணங்கள்

கர்நாடகத்தின் மங்களூருவில் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், இளநரை உள்ளவர்களிடம் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கால்சியம், வைட்டமின் டி3 ஆகியவை குறைவாக இருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, குறைபாடுதான் காரணம் என்பதை நிறுவவில்லை.

வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் இளநரையுடன் தொடர்பு உண்டு. குடும்பத்தில் யாருக்கும் இளநரை இல்லாதபோதும், நரையுடன் கடும் சோர்வு, கால்களில் மரத்துப்போதல், நாக்கில் எரிச்சல் போன்றவை இருக்கும்போதும் ரத்தப் பரிசோதனை அவசியமாகிறது. பி12 குறைபாட்டைச் சரிசெய்த பின் சிலருக்கு முடி மீண்டும் கருத்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஓரிடத்தில் மட்டும் கொத்தாக வெளுத்து, அடியில் உள்ள தோலும் வெண்மையாக இருந்தால், அது வெண்புள்ளி நோயாக இருக்கலாம் என்பதால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரிசோதனை முடிவுகள் இயல்பாக இருந்து, பெற்றோருக்கும் இளமையிலேயே நரைத்திருந்தால், அது நோயன்று. தீர்ந்துபோன ஸ்டெம் செல் இருப்பை எண்ணெயோ பயோட்டின் மாத்திரையோ மீண்டும் நிரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. சாயம் பூசுவதா, அப்படியே விடுவதா என்பது அவரவர் விருப்பம்.