எட்டாயிரம் பவுண்டுக்கு எத்தனை ரூபாய்?

மகளுக்கு இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மின்னஞ்சலில் கட்டண இன்வாய்ஸும் வந்துவிட்டது. அப்பா கைப்பேசியை எடுத்து கூகுளில் பவுண்டு விலையைப் பார்த்துப் பெருக்குகிறார். பெரும்பாலும் கணக்கு பிசகத் தொடங்குவது இங்கேதான். இன்வாய்ஸில் இருப்பது அங்கே போய்ச் சேர வேண்டிய தொகை. நம் கணக்கிலிருந்து எவ்வளவு கழியும் என்பதை அது சொல்லாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 18,000 பவுண்டு என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே உதவித்தொகை 2,000 கழிந்து, மீதி 16,000 இரண்டு தவணையாகப் பிரிந்திருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது Amount due என்ற வரி: இப்போதைக்கு 8,000 பவுண்டு. பக்கத்தில் உள்ள கடைசித் தேதி, பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் விழ வேண்டிய தேதியா என்றும் பாருங்கள். அப்படியானால் அன்றைக்கு வங்கிக்குப் போனால் தாமதம்தான். வழியில் சில வேலை நாட்கள் போகும். இரு நாட்டு விடுமுறைகளும் குறுக்கே வரும்.

இனி ரூபாய்க் கணக்கு. கூகுளில் பவுண்டு 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. நமக்கு வங்கி விற்கும் விலை வேறு. வங்கியின் தினசரி விலைப்பட்டியலில் ‘டி.டி. செல்லிங்’ என்ற பத்தியில் அது இருக்கும். அங்கே 117 என்று இருந்தால், 8,000 பவுண்டுக்கு 9,36,000 ரூபாய். கூகுள் கணக்கைவிட 16,000 அதிகம். இது கட்டணம் என்ற பெயரில் ரசீதில் வராது, விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அதற்கு மேல் நாணய மாற்றுக்கான ஜி.எஸ்.டி. முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று சிலர் பயந்துபோகிறார்கள், அப்படியில்லை. விதிப்படி கணக்கிடும் ஒரு சிறு மதிப்பின் மீதுதான் வரி. ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட தொகைக்கு அந்த மதிப்பு 1,000 ரூபாயும், லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதமும். நம் உதாரணத்தில் அது 5,180 ரூபாய். வரி 932 ரூபாய். வங்கியின் அனுப்புக் கட்டணம் 1,000, வெளிநாட்டு வங்கிச் செலவு 2,000, இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 540 என்று வைத்தால், மொத்தம் 9,40,472 ரூபாய். கூடுதல் செலவான இருபதாயிரத்துச் சொச்சத்தில் பதினாறாயிரம் விலை வித்தியாசமே. ஆகவே கமிஷனில் ஐந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிட, விலையில் ஐம்பது பைசா குறைத்துக் கேளுங்கள். 4,000 ரூபாய் மிச்சம். பெரிய தொகை என்றால் கிளையிலிருந்து கருவூலப் பிரிவிடம் கேட்டுக் குறைத்துத் தருவதுண்டு.

அந்த ‘வெளிநாட்டு வங்கிச் செலவு’தான் அதிகம் பேர் சறுக்கும் இடம். பணம் நேராகப் போகாமல் இடையில் ஒன்றிரண்டு வங்கிகளைத் தொட்டுப் போகலாம். அவை தங்கள் கூலியை எடுத்துக்கொள்ளும். படிவத்தில் OUR என்று குறித்தால் அந்தச் செலவு நம்முடையது. SHA என்றால் வழியில் கழித்துக்கொள்வார்கள். BEN என்றால் எல்லாச் செலவும் பெறுபவர் தலையில். இன்வாய்ஸின் அடியில் வங்கிச் செலவு முழுதும் செலுத்துபவருடையது என்று பொடி எழுத்தில் இருந்தால் OUR-தான். SHA போட்டு 7,982 பவுண்டு போய்ச் சேர்ந்தால், பல்கலைக்கழகத்தின் பார்வையில் 18 பவுண்டு பாக்கி. அந்த இரண்டாயிரம் ரூபாயை அனுப்ப மறுபடியும் ஆயிரத்துக்கு மேல் கட்டணம். மாணவர் எண்ணைக் குறிப்பில் எழுத மறந்தால் இன்னொரு சிக்கல்: பணம் போயிருக்கும், யாருடையது என்று அங்கே தெரியாது.

கடைசியாக டி.சி.எஸ். 2025-26 நிதியாண்டு விதிப்படி, சொந்தப் பணத்தில் படிப்புக்கு அனுப்புவது ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 5 சதவீதமாக இருந்தது. வரம்பு அனுப்புபவரின் பான் எண்ணுக்கு. அவர் வேறு காரணத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அதில் சேரும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் இது கிடையாது. நம் உதாரணத்தில் முதல் தவணைக்கு ஒன்றுமில்லை. இரண்டாம் தவணை ஜனவரியில், அதே விலையில் என்றால் மொத்தம் 18,72,000. தாண்டிய 8,72,000-க்கு அந்த விகிதப்படி 43,600 ரூபாய். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருந்தால் திரும்பவும் கிடைக்கும். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. அதே தவணையின் கெடு ஏப்ரலில் இருந்து, அப்போதே அனுப்பினால் புது நிதியாண்டு, புதிய வரம்பு.

ஆகவே இன்வாய்ஸ் வந்ததும் முதலில் பெருக்காதீர்கள். எந்தத் தொகை, எந்தத் தேதி, யார் செலவு என்ற மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டு, அன்றைய டி.டி. செல்லிங் விலையை வங்கியில் கேட்டுவிட்டுப் பெருக்குங்கள்.