திங்கட்கிழமை காலையில் திறக்காத விபிஎன்

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் நண்பர் ஒருவர் 2020 மார்ச் 2, திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து தன் கடவுச்சொல்லை மாற்றினார். அவர் கம்பெனியில் 90 நாளுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. மார்ச் 17 அன்று பே ஏரியாவில் வீடடங்கு உத்தரவு வந்தது, 21 இரவு நியூ ஜெர்சியில் வந்தது, ஏப்ரல் 2 அன்று டெக்சாஸிலும் வந்தது. நண்பர் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ், விபிஎன்தான் ஆபீஸ் வாசல்.

மார்ச் 2-லிருந்து 90 நாளை எண்ணினால் மே 31, ஞாயிற்றுக்கிழமை. ஜூன் 1 காலை ஒன்பது மணிக்கு அவர் லேப்டாப்பைத் திறந்தார். வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டார், விண்டோஸ் திறந்தது. விபிஎன் மட்டும் 'லாகின் தவறு' என்றது. பத்து மணிக்கு வாடிக்கையாளருடன் மீட்டிங், அதற்கான கோப்பு ஆபீஸ் சர்வரில். அன்று அவர் பட்ட பாட்டைப் படிப்படியாகச் சொல்கிறேன். அந்தக் கூத்து இன்றும் ஏதாவது ஒரு தமிழர் வீட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

முதல் குழப்பம்: ஒரே கடவுச்சொல் லேப்டாப்புக்கு எப்படிச் சரி, விபிஎன்னுக்கு எப்படித் தவறு? நமக்கு அது ஒரு சொல்தான். ஆனால் அது பல இடங்களில் இருக்கிறது. உண்மையான கணக்கு கம்பெனியின் டைரக்டரி சர்வரில் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. இரண்டாவது, லேப்டாப்பின் சொந்த ஞாபகம். சர்வர் எட்டாத இடத்திலும் நாம் லாகின் செய்ய முடிவதற்காக, கடைசியாகச் சர்வர் ஒப்புக்கொண்ட கடவுச்சொல்லைச் சரிபார்க்கத் தேவையான அடையாளத்தை விண்டோஸ் சேமித்து வைக்கும். வழக்கமான அமைப்பில் பத்து பேருடைய அடையாளத்தை அப்படி வைத்திருக்கும். இந்த ஞாபகத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. சர்வரில் கடவுச்சொல் காலாவதியானாலும், மாறினாலும், அதன் காதில் அந்தச் செய்தி விழாது. மூன்றாவது, விபிஎன் மென்பொருளோ விண்டோஸோ 'நினைவில் வை' என்று நாம் டிக் செய்தபோது சேமித்துக்கொண்ட பிரதி.

விபிஎன் மட்டும் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் போய்க் கேட்கிறது. அதனால் காலாவதியானது முதலில் தெரிவது அங்கேதான். விண்டோஸ் ஐந்து நாள் முன்பே எச்சரிக்காதா என்று கேட்கலாம். எச்சரிக்கும், ஆனால் லாகின் செய்யும் நேரத்தில் சர்வர் எட்டினால்தான் அதற்கு அந்த விவரமே கிடைக்கும். நண்பர் முதலில் லாகின் செய்து பிறகே விபிஎன்னைப் போடுவார். மூன்று மாதமாக எச்சரிக்கை அவர் கண்ணில் படவே இல்லை.

அடுத்து அவர் செய்தது நாம் எல்லோரும் செய்வது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தார். பிறகு, மார்ச்சில் வைத்தது வேறோ என்ற சந்தேகத்தில் டிசம்பரில் வைத்ததை அடித்தார். அதற்கும் முந்தையவை, கடைசி எண்ணை மாற்றி இரண்டு மூன்று விதம் என்று வரிசையாக முயன்றார். காலாவதியான கடவுச்சொல்லைச் சரியாக அடித்தால் சர்வர் அதைத் தவறான முயற்சியாகக் கணக்கு வைப்பதில்லை, உள்ளே விடுவதுமில்லை, அவ்வளவுதான். ஊகித்து அடிப்பவைதான் கணக்கில் ஏறும். கம்பெனி வைத்த வரம்பு ஐந்து. கணக்கு பூட்டிக்கொண்டது.

திரையில் இப்போதும் அதே 'லாகின் தவறு'தான். விண்டோஸில் உள்ளடங்கிய விபிஎன் என்றால் பிழை எண் 691 காட்டும். தவறான சொல்லா, காலாவதியா, பூட்டா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லாது. திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்பது நியாயமான காரணம்தான், ஆனால் வீட்டுக்காரனுக்கும் துப்புக் கிடைப்பதில்லை. சர்வர் பக்கம் அது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஆக்டிவ் டைரக்டரியின் பதிலில் 52e என்றால் தவறான கடவுச்சொல், 532 என்றால் காலாவதி, 775 என்றால் பூட்டு. ஆகவே ஹெல்ப் டெஸ்க்கை அழைக்கும்போது "விபிஎன் வேலை செய்யவில்லை" என்று சொல்வதைவிட, "என் கணக்கு காலாவதியா, பூட்டா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் கால் மணி நேரம் மிச்சம்.

ஹெல்ப் டெஸ்க் டெக்சாஸில். அங்கே அப்போது எட்டு மணி. ஒருவர் எடுத்து, பூட்டைத் திறந்து, தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்தார். விபிஎன் அதையும் ஏற்கவில்லை. காரணம், ரீசெட் செய்யும் பெட்டியில் User must change password at next logon என்ற டிக் போட்டபடியே இருந்தது. ஆபீஸில் இது நல்ல பழக்கம், அடுத்த லாகினில் புதிய சொல் கேட்கும். ஆனால் பல விபிஎன்களில் கடவுச்சொல்லை மாற்றும் திரையே இருக்காது, அல்லது அந்த வசதி முடக்கப்பட்டிருக்கும். சொல்லை மாற்றாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் சொல்லை மாற்ற முடியாது. இரண்டாவது அழைப்பில் அந்த டிக்கை எடுத்தார்கள்.

இப்போது நண்பர் திரையைப் பூட்டிவிட்டு, புதிய சொல்லைப் போட்டு லேப்டாப்பைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. திறக்காதுதான். சர்வருக்கு அது புதிய சொல், லேப்டாப்புக்கோ இன்னும் மார்ச் மாதம்தான். இந்த இடத்தில் வரிசை மிக முக்கியம். லேப்டாப்பைப் பழைய சொல்லால் திறக்க வேண்டும். விபிஎன்னில் சேமித்த பழைய பிரதியை நீக்க வேண்டும். விண்டோஸின் சொந்த விபிஎன் என்றால் Settings-இல் VPN பகுதிக்குப் போய் Advanced options-இல் Clear sign-in info என்று இருக்கும். மற்ற மென்பொருள்கள் சிலவற்றின் பிரதி Credential Manager-இல் கிடைக்கும், மேக்கில் Keychain Access-இல். விண்டோஸில் என்னென்ன சேமித்திருக்கிறது என்று பட்டியல் பார்க்க இந்தக் கட்டளை போதும்:

```
cmdkey /list
```

அதன் பிறகு புதிய சொல்லைக் கையால் அடித்து விபிஎன்னை இணைக்க வேண்டும். இணைந்ததும் Ctrl+Alt+Delete அழுத்தி, Change a password வழியாகத் தற்காலிகத்தை மாற்றித் தனக்கான சொல்லை வைத்துக்கொள்ளலாம். விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் விசையும் L-உம் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய சொல்லால் திறக்க வேண்டும். அப்போது விண்டோஸ் விபிஎன் வழியாகச் சர்வரிடம் கேட்டுத் தன் ஞாபகத்தைத் திருத்திக்கொள்கிறது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், லேப்டாப்புக்கு ஒரு சொல், விபிஎன்னுக்கு ஒரு சொல் என்று மாதக்கணக்கில் அலையும் நிலை வரக்கூடும். அப்படி அலைபவர் இரண்டு பேரையாவது எனக்குத் தெரியும்.

நண்பர் பத்து மணி மீட்டிங்கில் ஐந்து நிமிடம் தாமதமாகச் சேர்ந்தார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பத்து இருபதுக்கு மறுபடி பூட்டு.

இந்த முறை அவர் எதையும் தவறாக அடிக்கவில்லை. ஹெல்ப் டெஸ்க்கில் அனுபவசாலி ஒருவர் சர்வரின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வைத் தேடினார். கணக்கு பூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அது எழுதப்படும், எந்தக் கணினி வழியாகத் தவறான முயற்சி வந்தது என்ற பெயரோடு. அதில் இருந்தது கம்பெனியின் மெயில் சர்வர் பெயர். அப்படியானால் எங்கோ ஒரு சாதனம் பழைய சொல்லை வைத்துக்கொண்டு மெயில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வீட்டில் தேடினால், பையன் கார்ட்டூன் பார்க்கும் பழைய ஐபேடில் ஆபீஸ் மெயில் இருந்தது. டிசம்பரில் வைத்த சொல்லோடு.

மூன்று மாதம் சும்மா இருந்த ஐபேட் அன்று மட்டும் ஏன் பூட்டியது? இதில்தான் எனக்குப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. வருகிற சொல் தவறாக இருந்தாலும், அது அந்தக் கணக்கின் வரலாற்றில் கடைசி இரண்டில் ஒன்று என்றால், ஆக்டிவ் டைரக்டரி உள்ளே விடாது, ஆனால் தவறு என்று எண்ணவும் செய்யாது. மறந்துபோன சாதனங்களுக்குக் கொடுக்கும் சலுகை அது. மார்ச்சுக்குப் பிறகு டிசம்பர் சொல் அந்தச் சலுகைக்குள் இருந்தது. ஜூன் 1 அன்று தற்காலிகம், பிறகு சொந்தச் சொல் என்று ஒரே காலையில் இரண்டு மாற்றம். டிசம்பர் சொல் வரலாற்றில் பின்னால் தள்ளப்பட்டது. அதன்பின் ஐபேடின் ஒவ்வொரு முயற்சியும் கணக்கில் ஏறி, சில நிமிடங்களில் ஐந்து நிறைந்தது. ஐபேடில் அந்த மெயில் கணக்கை நீக்கியபின், பூட்டைத் திறந்ததும் அப்படியே நின்றது.

இதனால்தான் கடவுச்சொல் மாற்றிய நாளில் திரும்பத் திரும்பப் பூட்டு விழுந்தால் மறுபடி ரீசெட் கேட்கக் கூடாது. ஒவ்வொரு ரீசெட்டும் இன்னொரு பழைய சாதனத்தை வெளியே தள்ளும். முதலில் போன், டேப்லெட், இரண்டாவது லேப்டாப் எல்லாவற்றையும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு பூட்டை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கியதும் பூட்டு விழுகிறதோ, அதில்தான் பழைய சொல் இருக்கிறது.

பே ஏரியாவில் இருக்கும் என் மைத்துனருக்கு இந்தக் கதை வேடிக்கையாக இருந்தது. அவர் கம்பெனியில் சான்றிதழும் போனில் வரும் ஒப்புதலும்தான், விபிஎன்னுக்குத் தனிக் கடவுச்சொல்லே இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இந்தத் தொல்லை குறைவு. காலாவதி விதியையே மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து எடுத்துவிட்டது, ஆனாலும் பல கம்பெனிகள் விடுவதாக இல்லை. இன்னொரு சிக்கல், நான்கு இலக்கப் பின்னிலோ முகத்தைக் காட்டியோ லேப்டாப்பைத் திறப்பவர்களுக்கு. பின் அந்த லேப்டாப்புக்கு மட்டும் சொந்தமானது, சர்வரில் சொல் காலாவதியானாலும் அது மாறாது. அதனால் கடவுச்சொல் என்ன என்பதே மறந்து போயிருக்கும், விபிஎன் கேட்கும் நாள் வரை.

ஊருக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். லேப்டாப்போடு மூன்று வாரம் சென்னை போய் அங்கிருந்து வேலை பார்க்கும் திட்டம் இருந்தால், கிளம்பும் வாரத்தில் விபிஎன்னில் இணைந்தபடி இதை ஓட்டுங்கள்:

```
net user %USERNAME% /domain
```

வரும் வரிகளில் Password expires என்று ஒன்று இருக்கும். அந்தத் தேதி பயணத்துக்குள் விழுந்தால், பழைய சொல் உயிரோடு இருக்கும்போதே மாற்றி, பூட்டித் திறந்து, ஐபேடையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோடையில் சென்னைக்கும் டெக்சாஸுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். ஹெல்ப் டெஸ்க்கின் காலை எட்டு மணி என்பது உங்களுக்கு மாலை ஆறரை.