லிஃப்ட் நின்றால் எத்தனை நாள்?

நான் சங்கச் செயலாளராக இருந்த குடியிருப்பில் பதினாறு வீடுகள். கீழே ஸ்டில்ட், மேலே நான்கு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலியில் வாழும் ஓர் ஆசிரியை இருந்தார். ஒரு நாள் காலை அவர் என்னிடம், “சார், லிஃப்ட் மட்டமா நிக்க மாட்டேங்குது. ஒரு விரல் அளவு கீழே நிக்குது. முன்சக்கரம் தட்டிடுது” என்றார். நடந்து போகிற யார் காலுக்கும் அந்த இரண்டு சென்டிமீட்டர் தெரியவில்லை. மெக்கானிக் வந்து எதையோ திருகிவிட்டுப் போனார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

லிஃப்ட் தளத்தோடு மட்டமாக நிற்காமல் போவது பழைய லிஃப்ட்டில் பிரேக் தேய்வதற்கு ஓர் அடையாளமாக இருக்கலாம். அதை முதலில் அறிகிறவர் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான். இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் நின்றது. பிரேக்கும் கன்ட்ரோலரில் இருக்கும் டிரைவும் மாற்ற வேண்டும், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள்.

மறுபடி ஓட 17 நாள் ஆயிற்று. ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்தது அதில் இரண்டே நாள். மீதி 15 நாள் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் உதிரிபாகம் சேராதது. ஆண்டுக்குச் சில ஆயிரம் மிச்சம் என்று அதை எடுத்திருந்தோம். அதனால் பழுதைப் பார்த்து விலைப்பட்டியல் தர 2 நாள். மூன்று கொட்டேஷன் வாங்கியே ஆக வேண்டும் என்று பொருளாளர் சொன்னதில் 2 நாள். 25,000 ரூபாய்க்கு மேல் செலவென்றால் பொதுக்குழு கூட வேண்டும் என்பது எங்கள் துணைவிதி. அதற்கு முன்னறிவிப்பு 7 நாள். பாதிப் பணம் முன்பணமாகக் கட்டிய பிறகு உதிரிபாகம் வந்து சேர 4 நாள். பூட்ட 2 நாள். ஒவ்வொன்றும் முறைப்படிதான் நடந்தது. ஒவ்வொரு முறைக்கும் விலை கொடுத்தவர் அந்த ஆசிரியை. பதினேழு நாளும் அவர் பள்ளிக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு காவலாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். திருப்பத்தில் ஒருவருக்குக் கால் பிசகியது. நாற்காலி சாய்ந்து சுவரில் முட்டி நின்றது.

ஆகவே உங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நன்றாக ஓடும்போதே இரண்டு காகிதங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்று சங்கத்தின் துணைவிதி. லிஃப்ட், தண்ணீர், மின்சாரம் இம்மூன்றின் அவசரப் பழுதுக்குச் செயலாளரும் பொருளாளரும் உடனே செலவழிக்கலாம், கணக்கைப் பிறகு பொதுக்குழுவில் வைக்கலாம் என்ற ஒரு வரி இருக்கிறதா? எங்களிடம் அது இருந்திருந்தால் 9 நாள் குறைந்திருக்கும். இன்னொன்று பராமரிப்பு ஒப்பந்தம். உதிரிபாகமும் சேர்ந்த முழு ஒப்பந்தம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தண்ணீர் புகுந்து கெட்டால், மின்னழுத்தம் ஏறி எரிந்தால் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சென்னை மழையில் லிஃப்ட்டைக் கெடுக்கக்கூடியவை அந்த இரண்டுமே. லிஃப்ட் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூண்டு கீழே இறங்கினால் செலவு எங்கோ போய்விடும். புயல் எச்சரிக்கை வந்ததும், இறங்க வேண்டியவர்களைக் கேட்டு இறக்கிவிட்டு, கூண்டை மேல்மாடியில் நிறுத்தி மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது காவலாளியே செய்யக்கூடிய வேலை.

மின்சாரம் போனால் லிஃப்ட்டைக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் ஏ.ஆர்.டி. என்ற கருவியைப் பற்றியும் தவறான நம்பிக்கை இருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் தளத்துக்குத்தான் கொண்டுபோகும், தரைத்தளத்துக்கு அல்ல. பிரேக்கோ டிரைவோ கெட்டால் அது உதவாது. பேட்டரி செத்திருந்தால் மின்வெட்டுக்கும் உதவாது. இரண்டாம் மாடியில் கதவு திறந்து, ஜெனரேட்டர் இணைப்பும் லிஃப்ட்டுக்கு இல்லையென்றால், சக்கர நாற்காலியில் இருப்பவர் அந்த நடைபாதையிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய லிஃப்ட்டை மாற்றப் பேசும் சங்கங்கள் அளவைக் கவனிக்க வேண்டும். ஆறு பேர் லிஃப்ட்டின் கூண்டு ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் அகலம், 100 ஆழம், கதவு 70. சக்கர நாற்காலியின் நீளமே 105-க்கு மேல் வரும். கால்பலகையைக் கழற்றினால்தான் கதவு மூடும். பதின்மூன்று பேர் லிஃப்ட்டில் கதவு 90 சென்டிமீட்டர். கட்டிய குழியின் அளவு மாறாது என்பதால் புதிதாக வீடு வாங்குகிறவர் மாதிரி வீட்டின் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் இதை அளந்து பார்ப்பது நல்லது.

கார் நிறுத்துமிடத்தில் நடப்பது இன்னும் சின்ன விஷயம்போலத் தெரியும். குலுக்கல் போட்டோம், எல்லோருக்கும் ஒரே நியாயம் என்பார்கள். வழக்கமான இடம் 2.5 மீட்டர் அகலம். மாற்றுத்திறனாளிக்கு மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வது 3.6 மீட்டர். கார்க் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை விரித்து, உடலை அதற்கு மாற்றத்தான் அந்தக் கூடுதல் இடம். இரண்டு தூண்களுக்கு நடுவே இடம் விழுந்தால் அவர் காரை விட்டு இறங்கவே முடியாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கும் இதே கதிதான். பைக்குக்குக் கோடு போட்ட இடத்தில் அது நுழையாது. குலுக்கலுக்கு முன்பே லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை எடுத்துவைத்துவிட்டு மீதியைக் குலுக்குவதுதான் சரி.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தாங்க முடியாத சுமை இல்லாத அளவில் செய்யக்கூடிய மாற்றத்தைச் செய்ய மறுப்பதையும் பாகுபாட்டில் சேர்க்கிறது. ஒரு நிறுத்துமிடத்தை மாற்றிக் கொடுப்பது அத்தகைய சுமை என்று எந்தச் சங்கமும் நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே சட்டத்தின் கட்டடப் பிரிவுகள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடு இருக்கும் கட்டடம் அதில் வராது என்று சங்கம் வாதாடும். அந்த வாதத்துக்குத் தயாராக இருங்கள். மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவருக்கு ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரைதான்.

வீடு கைக்கு வந்து 5 ஆண்டு ஆகவில்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி வேலைத்தரத்திலோ வசதியிலோ குறை இருந்தால், தெரிவித்த 30 நாளுக்குள் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தொலைபேசியில் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கடினம். எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். லிஃப்ட் நின்ற தேதி, ஓடிய தேதி இரண்டையும் காவலாளியின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிகள்.

எங்கள் துணைவிதியில் அந்த ஒரு வரியை அடுத்த பொதுக்குழுவில் சேர்த்தோம். ஆசிரியை அதற்கு முன்பே தரைத்தள வீடு ஒன்று பார்த்துக் குடிபோய்விட்டார்.