ஆறில் ஒன்று வாங்கிய இரண்டு பிள்ளைகள்

மூன்றாம் வகுப்பில் சொல்வதை எழுதுதல் நடக்கிறது. ஆசிரியர் சொன்ன வாக்கியம்: ‘மழை பெய்ததால் பள்ளிக்கு வெளியே குளம் நிறைந்தது.’ ஆறு சொற்கள், ஆறு மதிப்பெண். இரண்டு நோட்டுகளைப் பார்ப்போம்.

முதல் நோட்டு: ‘மளை பெய்ததால் பல்லிக்கு வெலியே குலம் னிரைந்தது.’

இரண்டாவது: ‘மழ பெயததல் பளிகு வெளயே குளம் நிறந்தத.’

இரண்டு பேருக்கும் ஆறுக்கு ஒன்று. ஆனால் முதல் நோட்டை வாய்விட்டுப் படியுங்கள். நம்மில் பெரும்பாலோர் பேசுகிற மாதிரியே ஒலிக்கும். அந்தப் பிள்ளை காதில் விழுந்த ஒலியை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறது. பள்ளி பல்லியானதும் குளம் குலமானதும் நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் வேலை அங்கே முடிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு ழ, ள, ற எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன. விடுபட்டவை கால், புள்ளி, இணைக்கொம்பு, மேல்விலங்கு. அதாவது உயிர்மெய் இன்னும் கைக்கு வரவில்லை. மதிப்பெண் மறைத்த இந்த வேறுபாட்டைச் சொல்லில் எழுதி வைப்பதுதான் நிலை விவரிப்பு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததைப் பெற்றோர் பலர் அறிவார்கள். பெயர் எதுவானாலும், அந்த நிலையில் இருக்கும் பிள்ளையின் எழுத்து எப்படி இருக்கும் என்ற விவரம் கூடவே வேண்டும். எழுத்துப்பிழைக்கு மட்டும் நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் நிலை: எழுத்து வடிவம் தெரிகிறது, குறிகளும் புள்ளியும் விடுபடுகின்றன, எழுதியதைப் பிறரால் படிக்க முடியவில்லை. இரண்டாம் நிலை: எல்லா ஒலிகளும் எழுத்தில் வந்துவிட்டன, பிறர் படித்தால் புரிகிறது, ஒத்த ஒலி எழுத்துகள் மாறுகின்றன. மூன்றாம் நிலை: இடத்தைப் பார்த்தே முடிவு செய்யக்கூடிய எழுத்துகள் சரியாக வருகின்றன, பழகிய சொற்களில் ல, ள, ழ குழப்பமில்லை.

மூன்றாம் நிலையில் ‘இடம்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல்லின் முதலில் வருவது ந. த-வுக்கு முன்னால் ந், ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன். இவற்றை விதியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ‘னிரைந்தது’ என்பதில் இருக்கும் ன அப்படிப்பட்ட பிழை. ஒரு வாரப் பயிற்சியில் போய்விடக்கூடியது. ஆனால் அதே சொல்லில் ற-வுக்குப் பதில் வந்த ர வேறு வகை. மழைக்கு ழ, குளத்துக்கு ள என்பதற்கும் விதி கிடையாது. கண்ணில் பலமுறை பட்டு மனதில் நிற்க வேண்டும். அதனால் முதல் பிள்ளைக்கு ‘மழை, பழம், வாழை’, ‘பள்ளி, வெள்ளி, புள்ளி’ என்று சொற்குடும்பங்களாகக் கொடுப்பது உதவும். இரண்டாவது பிள்ளைக்கு அந்தப் பட்டியல் வீண். அதற்கு வேண்டியது ‘கல், கால்’, ‘பளி, பள்ளி’ என்று காதால் பிரித்துக் குறி போடும் பயிற்சி. இருவருக்கும் ‘தப்பான சொல்லைப் பத்து தடவை எழுது’ என்று சொல்வதுதான் இன்றும் வழக்கம்.

கையெழுத்துக்குத் தனித் தாள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே தாளில் இரண்டையும் பார்த்தால் முத்துமுத்தான எழுத்தில் இருக்கும் பிழைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். கோணல் எழுத்துக்காரன் இல்லாத பிழைக்கும் அடி வாங்குவான். ‘அழகாக எழுதுகிறான்’ என்பது விவரிப்பு ஆகாது. கண்ணால் சரிபார்க்கக்கூடியதாக எழுத வேண்டும்: ர-வின் அடிக்கோடு தெரிகிறதா, இல்லை கால் போல நிற்கிறதா, மூணு சுழி ண-வுக்கு மூன்று சுழியும் இருக்கிறதா, புள்ளி தன் எழுத்தின் தலைக்கு நேராக நிற்கிறதா, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்கிறதா. பார்த்து எழுதும்போதும் சொந்தமாக எழுதும்போதும் இதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். முன்னதில் சரியாக இருந்து பின்னதில் கலைந்தால், வடிவம் தெரியாமல் இல்லை. யோசனையும் வேகமும் கையை இழுக்கின்றன.

சில இடங்களில் இரண்டும் கலக்கும். ண-வில் ஒரு சுழி குறைந்தால் அது கைப்பிழையா, எழுத்துப்பிழையா? அந்த எழுத்தை மட்டும் தனியாக எழுதச் சொல்லுங்கள். மூன்று சுழியும் வந்தால், சொல்லுக்குள் வேறு இடங்களில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கெல்லாம் ண சரியாக இருந்தால் அவசரம், எப்போதும் ன என்றால் எழுத்துப்பிழை.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் ‘சில பிழைகள்’, ‘ஓரளவு’ போன்ற சொற்களால்தான். ஒருவருக்கு மூன்று பிழை ‘சில’, இன்னொருவருக்கு ஏழு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பிள்ளையின் உண்மையான எழுத்தைப் பெயர் மறைத்து மாதிரியாக ஒட்டி வைத்து, ஐந்தாறு நோட்டுகளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே நிலைப்படுத்திப் பார்த்தால், எந்த வரியில் முரண்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

இன்னொன்று, சொல்பவரின் நாக்கு. ஆசிரியரே மழையை ‘மளை’ என்று உச்சரித்தால், ‘மளை’ என்று எழுதிய பிள்ளை சொன்னதை எழுதியிருக்கிறது. தனிச் சொல்லாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்து இருமுறை சொன்னால், குளமா குலமா என்று தீர்மானிக்கப் பிள்ளைக்குப் பொருளின் துணையாவது கிடைக்கும்.